ரயிலில் வந்த அடுப்பு

சென்ற ஆண்டு பொங்கலன்று காலை, பால் பொங்குவதற்கு முன்பே எங்கள் வீட்டு அடுப்பு வெடித்தது. பானை கவிழவில்லை, அதுவரை நல்லது. அடுப்பின் பின்பக்கம் உச்சியிலிருந்து அடி வரைக்கும் ஒரு விரிசல் ஓடி, அதன் வழியாகத் தீ எட்டிப் பார்த்தது. நான்தான் வாங்கி வந்தேன். சாலையோரக் கடையில் காவி பூசி, சுண்ணாம்புப் பட்டை தீட்டி வரிசையாக அடுக்கியிருந்ததில் அழகாக இருந்த ஒன்றைப் பேரம் பேசி எடுத்திருந்தேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பொங்கலுக்கு மூன்று மண் கட்டிகளை நட்டு, அதன்மேல் பானை வைப்பதுதான் வழக்கம். பொங்கலுக்குப் பிறகும் ஆச்சி புழக்கடையில் வெந்நீர் போட, நெல் அவிக்க ஆகும் என்று நான்தான் கட்டிக்குப் பதிலாக அடுப்பு வாங்கினேன். ஆச்சிக்கு வயது 84. திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "ரயிலில் வருகிறவளிடம் வாங்கியிருந்தால் இப்படி ஆகுமா?"

யார் அந்த ரயிலில் வருகிறவள்? ஆச்சிக்குப் பெயர் தெரியவில்லை. கேட்டதே இல்லையாம். கல்யாணமாகிப் பாவூர்சத்திரத்துக்கு வந்த புதிதில், மார்கழிக் கடைசியில் கிழக்கேயிருந்து வரும் ரயிலில் ஒரு பெண் அடுப்புகளோடு வந்து இறங்குவாளாம். வைக்கோல் பிரியில் கட்டி, தலையில் இரண்டு, இடுப்பில் ஒன்று. பணம் வாங்க மாட்டாள். அடுப்பின் வயிறு நிறைய நெல் அளந்து போட்டால் போதும். "அவள் அடுப்பில் புகையே வராது எய்யா. முப்பது வருஷம் எரித்தேன், ஒரு கீறல் கிடையாது" என்றாள். முப்பது வருஷம் எரிந்த மண் அடுப்பு என்றால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பினோம். மண்பாண்டம் என்று யாரைக் கேட்டாலும் எங்கள் பக்கத்தில் கை நீட்டுவது காருகுறிச்சியைத்தான். பாவூர்சத்திரமும் காருகுறிச்சியும் ஒரே திருநெல்வேலி–செங்கோட்டை ரயில் பாதையில் இருக்கின்றன. கிழக்கேயிருந்து வரும் ரயில் என்று ஆச்சி சொன்னதும் பொருந்தியது. கணக்கு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தக் காலத்துக் கரி வண்டியில் இவ்வளவு நேரம் ஆகாது என்று சாதித்துக்கொண்டு வந்தாள்.

காருகுறிச்சியில் நான் செய்த முதல் தவறு, ஆள் அடையாளம் கேட்டது. அறுபது வருஷத்துக்கு முன் ரயிலில் அடுப்பு கொண்டுபோன பெண் என்றால், "எல்லா வீட்டிலும்தான் கொண்டுபோனார்கள்" என்றார்கள். மூன்று வீடு கேட்டு மூன்றிலும் அதே பதில். நான்காவது வீட்டில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், சக்கரத்தை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்: "ஆளை விடுங்கள் தம்பி. அடுப்பு எப்படி இருந்தது? சுட்டதா, சுடாததா?"

நான் ஆச்சியைப் பார்த்தேன். ஆச்சி, "உள்ளே சாம்பல் நிறம், வெளியே நான் சாணி மெழுகுவேன். உமி தெரியும்" என்றாள்.

பெரியவர் தலையை ஆட்டினார். "உமி தெரிந்தால் அது சுடாத மண், அம்மா. சுட்டால் உமி எரிந்து ஓட்டைதான் மிஞ்சும். சுடாத அடுப்பை ரயிலில் தலையில் வைத்துக் கொண்டுவர முடியாது. ஏறி இறங்குவதற்குள் உதிர்ந்துவிடும். நீங்கள் சொல்வது இரண்டும் ஒரே அடுப்பு இல்லை."

ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட நேரத்தில், வெடித்துப்போன என் பொங்கல் அடுப்பின் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, உள்ளேயிருந்து இரண்டு அடுப்புகளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி காவி பூசியவை. எது வெந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். எனக்குத் தெரியவில்லை. விரல் முட்டியால் தட்டினார். ஒன்று ணங்கென்றது, இன்னொன்று தொப்பென்றது. பிறகு இரண்டையும் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் யாரும் காவி பூசுவதில்லை. விரலை எச்சிலில் தொட்டு அங்கே தேய்த்தார். தொப்பென்ற அடுப்பில் விரலோடு சேறு குழைந்து வந்தது. மற்றதில் ஈரம் உறிஞ்சிக்கொண்டதே தவிர, விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"வேகாத மண் தண்ணீர் பட்டால் திரும்பவும் சேறாகும். வெந்தது ஆகாது. இதற்கு மேல் சோதனை வேண்டாம்" என்றார். கறுப்புத் திட்டுகள் இருந்தால் பயப்பட வேண்டாம், அது சூளையில் புகை பட்ட இடம் என்றும் சொன்னார். நான் வாங்கியது வேகாத அடுப்பு. அதுவும் சரியாகக் காயாதது. வெளியே உலர்ந்து, நடுவில் ஈரம் இருந்திருக்கிறது. பனை ஓலையை மொத்தமாகத் திணித்துக் கொளுத்தியதும் அந்த ஈரம் ஆவியாகி, போக வழியில்லாமல் சுவரைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது. ஈரம் இருக்கிறதா என்று பார்க்க அடுப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நிழலில் இருக்கும் உலர்ந்த மண் சும்மா இருக்கும், ஈரமுள்ளது சில்லென்று இருக்கும். கடைத்தெருவில் அடுப்பைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நாங்கள் கிளம்பும்போது பெரியவர் ஆச்சியிடம் மெதுவாக ஒன்று கேட்டார். "அந்த அம்மா அடுப்பை இறக்கி வைத்த அன்றைக்கே நீங்கள் பற்ற வைப்பீர்களா?"

ஆச்சி யோசித்தாள். ரயில் வரும் வரைக்கும் யோசித்தாள். கல்லிடைக்குறிச்சி தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள்: "இல்லை எய்யா. என் மாமியார் நாலைந்து நாள் அதை வைத்துக்கொண்டு என்னவோ செய்வாள். புற்று மண் குழைப்பாள். என்னைக் கிட்டேயே விட மாட்டாள்."

பழைய வீட்டின் அடுப்பங்கரை இப்போது விறகும் தேங்காய் மட்டையும் போட்டு வைக்கிற இடம். கேஸ் வந்த பிறகு அடுப்பை யாரும் இடித்துப் போடவில்லை, அதன்மேல் சாமான் போட்டு மறந்திருந்தோம். மறுநாள் மட்டைகளை அகற்றிவிட்டு ஒரு கரண்டிக் காம்பால் அந்த மேட்டைச் சுரண்டினேன். முதலில் சாணி மெழுகிய தோல், அடுக்கடுக்காக, பழைய சுவரொட்டிகள் மாதிரி. அதற்கடியில் உமி கலந்த மண், நான்கு விரல் கனம். அதையும் தாண்டியதும் கரண்டி ணங்கென்றது. செங்கல் நிறத்தில் ஒரு வளையம்.

ரயிலில் வந்தது அந்த வளையம்தான். சுட்ட ஓடு, என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. அதில் இரண்டு இடங்களில் நெடுக விரிசல் இருந்தது. ஆச்சி சொன்ன அந்த முப்பது வருஷமும் அடுப்பு உள்ளே விரிந்துதான் இருந்திருக்கிறது. வெளியே இருந்த கனத்த மண் போர்வை அதைப் பிடித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஓடு தீயைத் தாங்கியது, மண் ஓட்டைத் தாங்கியது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. வளையத்தோடு சேர்ந்து வந்த மூன்று குமிழ்களும் தட்டையாக, பாக்கு அளவுக்குத்தான் இருந்தன. அவற்றின்மேல் மண் வைத்து உயர்த்தியது வேறு கை. ஒவ்வொரு குமிழின் தலையிலும், கீழேயிருந்த சுட்ட ஓட்டில் ஒரு கட்டைவிரல் பதிவு இருந்தது.

ஆச்சி வந்து பார்த்தாள். கட்டைவிரல் பதிவில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு, "அப்போ பாதி என் மாமியாருடையது" என்றாள். அவள் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. மாமியாரைப் பற்றி அவள் நல்லதாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ஓட்டைப் படம் எடுத்துக் காருகுறிச்சிப் பெரியவருக்கு அனுப்பினேன். "படத்தில் மண்ணைப் பார்க்க முடியாது, ஓட்டைக் கொண்டு வா" என்றார். அது நியாயம்தான். அடுத்த வாரம் உள்ளங்கை அளவு துண்டோடு போனேன். அதை உடைத்துப் புது முறிவை வெயிலில் சாய்த்துப் பிடித்தார். மினுமினுவென்று பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது. காக்காப்பொன். "எங்கள் குளத்து மண்ணில் இவ்வளவு மினுக்கு கிடையாது. இது ஓடை மணல் கலந்தது. மலையடியில்தான் இப்படிக் கலப்பார்கள்" என்று சொல்லி, அவருக்குப் பெண் கொடுத்த ஊர் ஒன்றின் பெயரைச் சொன்னார். எங்கள் ஊருக்கு மேற்கே! கிழக்கேயிருந்து வரும் ரயில் என்றது? அந்தப் பெண் மேற்கேயிருந்து நேராகக் கிழக்கே போய், கடைசி ஊரிலிருந்து விற்றுக்கொண்டே திரும்பியிருக்கிறாள். ஆச்சி பார்த்தது திரும்பி வரும் ரயிலை.

பழைய பொருளைச் செய்தவரைத் தேடுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. வயதானவர்களின் நினைவு பொய் சொல்வதில்லை, ஆனால் அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறது. பெயரையும் திசையையும் வைத்து ஊர் ஊராக அலைவதைவிட, அந்தப் பொருளின் ஒரு துண்டு கிடைத்தால் அதைத் தொழில் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுவது மேல். அந்தத் துண்டு பெரும்பாலும் நம் வீட்டிலேயே எங்காவது கிடக்கும்.

அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். ரயிலில் வந்த பெண் இறந்து பல வருஷமாகிவிட்டது. மருமகள் இருந்தார், அறுபது வயதிருக்கும். இப்போது பொங்கல் கட்டியும் பூந்தொட்டியும் மட்டும் செய்கிறார்கள். ஓட்டைக் காட்டியதும் கட்டைவிரல் பதிவைப் பார்த்து, "எங்கள் அத்தையேதான்" என்றார். அந்தக் குழி அழகுக்காக அல்லவாம். வாங்குகிற வீட்டுக்காரர்கள் அதன்மேல் மண் வைத்துக் குமிழை உயர்த்தும்போது வழுக்காமல் பிடிக்கட்டும் என்பதற்காகவாம். அடுப்பு பாதியில்தான் விற்கப்படுகிறது என்பது செய்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டேன். "பானை எங்கே?" என்றார்.

பானை கொண்டு போகவில்லை. அடுப்பு வாங்கப் பானை எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன். அவர் கையிலிருந்த ஒரு சட்டியைக் கவிழ்த்து விளக்கினார். உருண்டை அடிப் பானை மூன்று குமிழ்களுக்கு நடுவே கீழே இறங்கி உட்காரும். எவ்வளவு இறங்கும் என்பது அந்தப் பானையின் வயிற்றைப் பொறுத்தது. பானைக்கும் அடுப்பின் விளிம்புக்கும் நடுவே, சுற்றிலும் இரண்டு விரல் நுழையும் இடைவெளி நிற்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் தீக்கு மூச்சு முட்டும். மேலே போக வழியில்லாத புகை, விறகு வைக்கிற வாய் வழியாகத் திரும்பி வரும். பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுவது அதனால்தான். இடைவெளி கூடினால் புகை வராது, ஆனால் தீ பானையின் ஓரமாக நழுவி மேலே போய்விடும், விறகு சாப்பிடும். கடையில் விற்கும் அடுப்பின் குமிழ் தட்டையான அலுமினியச் சட்டிக்குக் கணக்குப் பண்ணியது. அதன்மேல் உருண்டைப் பானையை இறக்கினால் விளிம்பில் போய் அடைத்துக்கொள்ளும்.

ஆச்சியின் புகை வராத அடுப்பின் ரகசியம் இதுதான். ஒரு வீட்டுப் பானைக்கென்று அந்த வீட்டிலேயே உயர்த்திய குமிழ்.

அடுத்த வாரம் ஆச்சியின் வெண்கலப் பானையையும், நெல் அவிக்கும் பெரிய பானையையும் கொண்டு போனோம். அந்த அம்மா ஒரு தென்னை ஈர்க்கால் பானையின் வயிற்றைச் சுற்றி அளந்து, ஈர்க்கை ஒடித்துக் கூரையில் செருகிக்கொண்டார். அதுதான் ஆர்டர். மாசி, பங்குனியில் வந்தது நல்லதாகப் போயிற்று என்றார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் உலராது, தொழிலே நிற்கும். மார்கழியிலோ பொங்கல் வேலை தலைக்கு மேல் இருக்கும், ஒருவருக்காக ஒன்று செய்ய யாருக்கும் நேரமிருக்காது.

அவர் செய்ததை அரைநாள் பக்கத்திலிருந்து பார்த்தேன். குளத்து மண்ணை ஊறவைத்து, கல் பொறுக்கி, மணல் சேர்த்துக் காலால் மிதித்தார்கள். வெள்ளைக் கல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பத் துழாவினார். அது சுண்ணாம்புக் கல். சூளையில் வெந்து, பிறகு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊதி, ஓட்டைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும். குடத்துக்கு எடுப்பதைவிட அடுப்புக்கு மணல் கூடுதல். மணல் இருந்தால்தான் மண் சூட்டில் விரிவதற்கும் ஆறும்போது சுருங்குவதற்கும் இடம் இருக்கும். அளவுப்படியெல்லாம் இல்லை. மண்ணை விரல் கனத்தில் கயிறாகத் திரித்து விரலைச் சுற்றி வளைத்தார். வழவழவென்று வளைந்தது. "இது குடத்துக்கு" என்று சொல்லி, இன்னும் ஒரு கை மணல் போட்டு மிதித்தார். அடுத்த கயிறு வளைவின் முதுகில் மயிரிழை மயிரிழையாகக் கீறியது. "இது அடுப்புக்கு."

நிழலில் ஐந்து நாள், பிறகு வெயிலில் இரண்டு நாள். அதன்பின் பூந்தொட்டிச் சூளையோடு வைத்துச் சுட்டுக் கொடுத்தார். மண் எடுப்பது பற்றிப் பேச்சு வந்தது. குளத்தில் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று 2024-இல் விதியைத் தளர்த்தியது உதவிதான், ஆனால் மண் மிதிக்க ஆள்தான் இல்லை என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் என் பங்கு தொடங்கியது, முதல் முறை சொதப்பினேன். புற்று மண் நான்கு கூடைக்கு உமி ஒரு கூடை, கொஞ்சம் சாணம், ஓர் இரவு ஊற வேண்டும் என்றாள் ஆச்சி. கிட்டே விடாத மாமியாரிடமிருந்து எப்படியோ பார்த்து வைத்திருக்கிறாள். நான் அவசரப்பட்டு நான்கு விரல் கனத்தையும் ஒரே நாளில் அப்பிவிட்டேன். மூன்றாம் நாள் முதலைத்தோல் மாதிரி வெடித்து நின்றது. வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரமாக இருந்தது அதோடு சுருங்கவில்லை. அதைப் பிரித்தெடுத்து மறுபடி ஊறவைத்தேன். மண் வீணாகாது, அது ஒரு சௌகரியம். இரண்டாவது முறை முதல் நாள் ஒரு விரல் கனம் மட்டும். அது அழுத்தினால் விரல் பதியாத பதத்துக்கு வந்ததும், தென்னை ஈர்க்கால் குறுக்கும் நெடுக்கும் கீறி, தண்ணீர் தெளித்து, அடுத்த கனம். இப்படி நான்கு தடவை. ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்தோம்.

குமிழை மட்டும் ஆச்சி என்னைத் தொட விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி குனிய முடியவில்லை என்பதால் தரையிலேயே உட்கார்ந்தாள். மூன்று உருண்டை பிடித்துக் கட்டைவிரல் குழிகளில் அழுத்தினாள். பானையை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், ஒன்றைக் கொஞ்சம் தட்டினாள், திரும்ப வைத்தாள். பானை ஆடக் கூடாது. மூன்றிலும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். பிறகு இரண்டு விரலை விளிம்பில் விட்டுச் சுற்றிலும் ஓட்டினாள்.

பத்து நாள் காய்ந்தபின் முதல் தீ. பானை வைக்காமல், தேங்காய் நாரும் ஒரு வறட்டியும் மட்டும், அரை மணி நேரம். மூன்று நாள் அப்படியே. முதல் நாள் சுவர் வியர்த்தது, கையை வைத்தால் ஈரம் தெரிந்தது. மூன்றாம் நாள் வியர்க்கவில்லை. ஒரு மயிரிழைக் கீறல் வாய்க்கு மேலே வந்தது. மண்ணைக் கரைத்துப் பூசி மெழுகியதும் மூடிக்கொண்டது.

நான்காம் நாள் சோறு வடித்தோம். புகை வந்ததா என்றால், பற்றவைக்கும்போது கொஞ்சம் வந்தது, தீ பிடித்தபின் நின்றது. கொதி வந்து வழியும் என்று ஆச்சி பக்கத்திலேயே அகப்பையோடு உட்கார்ந்திருந்தாள். சூடான ஓட்டில் கஞ்சி கொட்டினால் பட்டென்று விடும், அவள் எச்சரித்திருந்தாள். சோறு இறக்கியதும் குமிழ்களை உற்றுப் பார்த்தாள்.

"பின்னால் இருக்கிறது அரை விரல் குறைவு" என்றாள். "என் மாமியாராக இருந்தால் இதை உடைத்துவிட்டு மறுபடி வைத்திருப்பாள்."

நாளைக்கு வைக்கலாமா என்று கேட்டேன். மண் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.